வாடகைதாரரின் வக்கீல் நோட்டீஸுக்குப் பத்திவாரியாகப் பதில் எழுதும் முறை

கேள்வி: என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சுவரில் கசிவு இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை, அவர்கள் இல்லாதபோது வீட்டுக்குள் போனேன், அவர்களைக் காலி செய்ய வைப்பதற்காக வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தினேன், அவருடைய அம்மாவை அவமானப்படுத்தினேன் என்று ஏழு பத்திகள். சிலது பாதி உண்மை, சிலது முழுப் பொய். 15 நாளில் பதில் வேண்டுமாம். கோபத்தில் ஒரு பதில் எழுதினேன், என் மகள் அனுப்ப விடவில்லை. சண்டையைப் பெரிதாக்காமல் எப்படிப் பதில் எழுதுவது?

பதில்:

உங்கள் மகள் தடுத்தது சரி. கோபத்தில் எழுதும் பதிலில், "இஷ்டமில்லை என்றால் காலி செய்துவிட்டுப் போகட்டும்" என்ற பொருளில் ஒரு வரியாவது எப்படியும் வந்துவிடும். வாடகைதாரரின் நோட்டீஸோ, அவரை வெளியேற்றுவதற்காகவே நீங்கள் தொல்லை கொடுப்பதாகச் சொல்கிறது. அவரால் எளிதில் நிரூபிக்க முடியாத அந்த உள்நோக்கத்தை, உங்கள் கையொப்பத்தோடு நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

பதில் நோட்டீஸை இன்று படிக்கப்போகிறவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். ஆனால் விவகாரம் தீராமல் நீதிமன்றத்துக்குப் போனால், ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து உங்கள் இருவரையும் அறியாத ஒரு நீதிபதி அதைப் படிப்பார். அவருக்காகவே எழுத வேண்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை, எதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதே அவருக்குத் தேவை.

உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை என்பதால், ஏறக்குறைய இதே போன்ற நோட்டீஸுக்கு ஒரு வீட்டு உரிமையாளருக்காக நான் எழுதிக் கொடுத்த பதிலை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு நோட்டீஸ் வந்தது செப்டம்பர் 1 அன்று. முதலில் அந்தத் தேதியை உறையின் மேல் எழுதி, உறையையும் பத்திரப்படுத்தச் சொன்னேன், ஏனென்றால் கெடு பெரும்பாலும் கையில் கிடைத்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. 15 நாள் என்பது பல நோட்டீஸ்களில் அனுப்பியவர் தாமாக விதித்த கெடு. சிலவற்றில் மட்டும் ஏதேனும் ஒரு சட்டப் பிரிவு விதித்த கெடுவாக இருக்கும். உங்கள் நோட்டீஸில் சட்டப் பிரிவு எதுவும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணங்களைத் திரட்ட நாள் போதாது என்று தெரிந்தால், நோட்டீஸ் கிடைத்தது, விரிவான பதில் இன்ன தேதிக்குள் வரும் என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் அனுப்பிவிடலாம்.

அடுத்து, எதையும் எழுதத் தொடங்காமல், நோட்டீஸின் ஏழு பத்திகளையும் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்தோம். "ஆகஸ்ட் 14 முதல் மூன்று நாள், என் கட்சிக்காரரை வெளியேற்றும் நோக்கத்தோடு, தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்தினீர்கள்" என்பது பார்வைக்கு ஒரே வாக்கியம். ஆனால் அதற்குள் தண்ணீர் வரவில்லை என்பது ஒன்று, மூன்று நாள் வரவில்லை என்பது ஒன்று, நிறுத்தியவர் நீங்கள் என்பது ஒன்று, வெளியேற்றுவதற்காக நிறுத்தினீர்கள் என்பது ஒன்று என நான்கு கூற்றுகள் இருக்கின்றன. இப்படிப் பிரித்தபோது ஏழு பத்திகளிலிருந்து 19 கூற்றுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் சரி, சரியல்ல, ஒரு பகுதி சரி, எனக்குத் தெரியாது என்ற நான்கில் ஒன்றை எழுதி, அதற்குக் கையில் இருக்கும் ஆதாரத்தையும் குறித்துக்கொண்டோம். இந்த ஒரு தாள் தயாரானபோது, எழுத வேண்டிய பதிலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

"நோட்டீஸில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்யானவை, புனையப்பட்டவை, உள்நோக்கம் கொண்டவை" என்று ஒரே வரியில் தள்ளிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்த நோட்டீஸின் முதல் பத்தி, அவர் வாடகைதாரர் என்றும் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னது. எல்லாமே பொய் என்றால் முன்பணம் வாங்கியதும் பொய் என்றாகிறது, ஒப்பந்தமோ கண்முன்னே இருக்கிறது. ஒரு பொய்யை அப்பட்டமாக எழுதியவர் மற்ற இடங்களில் உண்மையே எழுதியிருந்தாலும் அதன் மதிப்பு குறைந்துவிடும். மறுபுறம், சங்கடமான பத்திகளுக்குப் பதிலே சொல்லாமல் தாண்டிப் போவதும் ஆபத்து. நீதிமன்றத்தில் இரு தரப்பும் எழுத்தில் தாக்கல் செய்யும் வாதுரைகளில் குறிப்பாக மறுக்கப்படாதது ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது பரவலான விதி. நோட்டீஸுக்கான பதிலுக்கு அந்த விதி அதே கண்டிப்போடு பொருந்தாது என்றாலும், அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை என்ற கேள்வி நிச்சயம் எழும். "குறிப்பாக ஒப்புக்கொள்ளப்படாதவை யாவும் மறுக்கப்படுகின்றன" என்ற வழக்கமான வரியைத் தொடக்கத்தில் ஒரு முறை சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தனித்தனிப் பதில்களுக்கு அது ஈடாகாது.

இனி அந்தப் பதிலின் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். முதல் பத்திக்கு, ஒப்பந்தத் தேதியும் முன்பணமும் சரியே என்ற ஒரு வரியோடு நிறுத்தினோம். வாடகையைத் தவறாமல் கட்டியதாகக் கூறிய இரண்டாம் பத்திக்கு, ஆகஸ்ட் மாதம் வரை வாடகை பெறப்பட்டுள்ளது என்று மட்டும் எழுதினோம். இரண்டு மாதம் வாடகை தாமதமாக வந்தது என்று சேர்க்க உரிமையாளர் மிகவும் விரும்பினார். தாமதமாக வந்ததை அவர் அப்போது எதுவும் சொல்லாமல் பெற்றுக்கொண்டிருந்தார்; நோட்டீஸில் உள்ள எந்தக் குற்றச்சாட்டுக்கும் அது விடையாகவில்லை. ஒருவேளை ஒரு மாத வாடகை நிலுவையில் இருந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அப்போது அது "தவறாமல் கட்டினேன்" என்ற கூற்றுக்கு நேரான பதிலாகும். பதிலில் இடம்பெற வேண்டியதையும் விட வேண்டியதையும் நான் இந்த ஒரு அளவுகோலைக் கொண்டே பிரிக்கிறேன்.

உண்மையான சிக்கல் மூன்றாம், நான்காம் பத்திகளில் இருந்தது. ஜூன் மாதம் முதல் படுக்கையறைச் சுவரில் நீர் கசிவதைப் பலமுறை சொல்லியும் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்றது மூன்றாம் பத்தி. ஆகஸ்ட் 9 அன்று வீட்டில் யாரும் இல்லாதபோது மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே நுழைந்து பொருள்களைத் துழாவினார் என்றது நான்காம் பத்தி. உரிமையாளர் தாமே எழுதிக்கொண்டு வந்த வரைவில், மூன்றாம் பத்திக்கு "ஆகஸ்ட் 9 அன்றுகூடப் பிளம்பரை அழைத்துச் சென்று சுவரைக் காட்டினேன்" என்றும், நான்காம் பத்திக்கு "நான் அவர் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை" என்றும் இருந்தது. அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மூன்றாவதைப் படித்தபோது பிளம்பர் நினைவுக்கு வந்தார், நான்காவதைப் படித்தபோது தம்மைத் திருடனைப் போல் சித்திரித்த கோபம்தான் நினைவில் நின்றது. பத்தி பத்தியாகப் பதில் எழுதுவதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்: ஒவ்வொரு பத்திக்கும் அந்தந்த நேரத்தில் வசதியானதைச் சொல்லிக்கொண்டு போனால் பதில்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடந்தவற்றை வாட்ஸ்அப் செய்திகளையும் ரசீதுகளையும் பார்த்துத் தேதி வரிசையில் எழுதினோம். பிறகு எல்லாப் பத்திகளுக்கும் அந்த ஒரே வரிசையிலிருந்து பதில் எடுத்தோம்.

மூன்றாம் பத்திக்கு இறுதியில் அனுப்பிய பதில் இது: "நீர்க்கசிவு குறித்து ஜூன் 12 அன்றும் ஆகஸ்ட் 3 அன்றும் தங்கள் கட்சிக்காரர் செய்தி அனுப்பியது சரியே. எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை என்பது சரியல்ல. ஜூன் 20 அன்று பிளம்பர் வந்து குளியலறைக் குழாயின் இணைப்பை மாற்றினார், ரசீது இணைக்கப்பட்டுள்ளது. கசிவு நின்றுவிட்டதாக ஜூன் 21 அன்று தங்கள் கட்சிக்காரர் அனுப்பிய செய்தியின் நகலும் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது செய்திக்குப் பின் ஆகஸ்ட் 9 அன்று அதே பிளம்பர் வந்து பார்த்து, இம்முறை கசிவு மொட்டைமாடித் தளத்தின் விரிசலிலிருந்து வருவதாகக் கூறினார். அந்த விரிசல் இன்னும் சரிசெய்யப்படவில்லை. அதற்கான ஏற்பாடு இப்பதிலின் இறுதியில் கூறப்பட்டுள்ளது."

விரிசல் இன்னும் சரிசெய்யப்படவில்லை என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி உரிமையாளர் வெகுநேரம் வாதாடினார். ஈரச் சுவரின் புகைப்படம் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மொட்டைமாடிக்கு ஏறி விரிசலைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட உண்மையை மறைத்துப் பெறும் பயன் எதுவும் இல்லை. அதை நாமே சொன்னதால், "எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்ற பெரிய குற்றச்சாட்டு, "ஆகஸ்ட் 9க்குப் பிறகு தாமதமானது" என்ற சிறிய குறையாகச் சுருங்கியது. "பலமுறை" என்ற சொல்லையும் தனியாக மறுக்கவில்லை. செய்தி வந்த இரண்டு தேதிகளை எழுதியதே அதற்குப் பதிலாக அமைந்தது.

நான்காம் பத்திக்கு: "ஆகஸ்ட் 9 அன்று பிற்பகல் எங்கள் கட்சிக்காரர் மாற்றுச் சாவியைப் பயன்படுத்தி, மேற்சொன்ன பிளம்பருடன் உள்ளே சென்று, படுக்கையறைச் சுவரையும் குளியலறையையும் சுமார் 15 நிமிடம் பார்வையிட்டது சரியே. அதை முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்பதும் சரியே. அதற்கு அவர் வருந்துகிறார். அலமாரியையோ வேறு எந்தப் பொருளையோ அவரும் பிளம்பரும் திறக்கவோ தொடவோ இல்லை. இனி பார்வையிடத் தேவைப்பட்டால் குறைந்தது 24 மணி நேரம் முன்பு எழுத்தில் தெரிவித்து, தங்கள் கட்சிக்காரருக்கு ஏற்ற நேரத்தில் மட்டுமே வருவார்."

இப்படி ஒப்புக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. பொருள் காணாமல் போனது, அத்துமீறி நுழைந்தது, பெண்களிடம் தவறாக நடந்தது என்று குற்றவியல் புகாராக மாறக்கூடிய எதையாவது பத்தி சொன்னாலோ, ஏற்கெனவே காவல் துறையில் புகார் கொடுக்கப்பட்டிருந்தாலோ, குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரைப் பார்க்காமல் அந்தப் பத்திக்கு ஒரு சொல்லும் எழுதாதீர்கள். உங்கள் நோட்டீஸில் இரண்டாவது குற்றச்சாட்டாக இருப்பது இதே வகைதான் என்பதால், முதலில் இந்தப் பத்தியைத்தான் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். என்னிடம் வந்தவரின் விஷயத்தில் புகார் எதுவும் இல்லை, திருட்டு என்றும் சொல்லப்படவில்லை, உடன் சென்ற பிளம்பர் சாட்சியாக இருந்தார். அதனால்தான் நேராக ஒப்புக்கொள்ள முடிந்தது.

தண்ணீர் பற்றிய ஐந்தாம் பத்தியில் வேறொரு கண்ணி இருந்தது. உரிமையாளரின் வரைவு, "மூன்று நாள் தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்தினேன் என்பதை மறுக்கிறேன்" என்றது. இதைப் படிக்கும் வழக்கறிஞர் உடனே கேட்பார்: அப்படியானால் இரண்டு நாள் நிறுத்தினீர்களா? வேண்டுமென்றே இல்லாமல் நிறுத்தினீர்களா? எதிராளியின் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லி "இல்லை" என்று முடித்தால், அதில் எந்தப் பகுதி மறுக்கப்பட்டது என்று தெரியாமல் போகிறது. நழுவலான மறுப்பு என்று இதைச் சொல்வார்கள். ஒப்புக்கொண்டதற்குச் சமமாக இதை எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. ஆகவே நான்கு கூற்றுகளுக்கும் தனித்தனியாக எழுதினோம்: "ஆகஸ்ட் 14 காலை முதல் ஆகஸ்ட் 15 மாலை வரை தண்ணீர் வரவில்லை என்பது சரியே. மூன்று நாள் என்பது சரியல்ல. மோட்டார் பழுதானதே காரணம். எங்கள் கட்சிக்காரர் தண்ணீரை எந்த நேரத்திலும் நிறுத்தவில்லை. அதே தொட்டியிலிருந்து தண்ணீர் பெறும் அவருடைய கீழ்த்தளத்திலும் அந்த இரண்டு நாள் தண்ணீர் இல்லை. ஆகஸ்ட் 15 தேதியிட்ட பழுதுபார்ப்பு ரசீது இணைக்கப்பட்டுள்ளது. எனவே வெளியேற்றும் நோக்கம் என்பது மறுக்கப்படுகிறது." கீழ்த்தளத்திலும் தண்ணீர் இல்லை என்ற அந்த ஒரு தகவல், நோக்கம் பற்றிய குற்றச்சாட்டுக்கு "அபாண்டம்", "கற்பனை" என்ற சொற்களைவிடப் பலமான பதில்.

தாயாரை இழிவாகப் பேசியது பற்றிய பத்திக்கு இரண்டே வரிதான் எழுதினோம்: அத்தகைய சொற்களை எங்கள் கட்சிக்காரர் அன்றோ வேறு எப்போதோ பேசவில்லை, அந்தக் குற்றச்சாட்டு மறுக்கப்படுகிறது. சாட்சியும் பதிவும் இல்லாத பேச்சுக்கு விளக்கம் கொடுக்கக் கொடுக்க, ஏதோ நடந்திருக்கிறது என்ற எண்ணம்தான் வலுக்கும். "உண்மையில் அந்த அம்மாதான் என்னைத் திட்டினார்" என்ற வரியை உரிமையாளரே அடித்துவிட்டார். ஒரு குடும்பத்தின் மூத்தவரைப் பற்றிக் காகிதத்தில் எழுதிவிட்டால், அதன் பிறகு அந்த வீட்டில் சமரசம் பேச வாயே திறக்க முடியாது. அந்தப் பத்தியில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டதாகவும் ஒரு கூற்று இருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டது நமக்குத் தெரியாது என்பதால், அது எங்கள் கட்சிக்காரர் அறியாத விஷயம் என்று மட்டும் எழுதினோம். தெரியாததை மறுப்பதும் ஒருவகையில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே.

கடைசிப் பத்தியின் கோரிக்கைகளுக்கும் தனித்தனியாகவே பதில் சொன்னோம். கசிவைச் சரிசெய்யும் கோரிக்கைக்கு, மொட்டைமாடி விரிசலை அடைக்கும் பணி செப்டம்பர் 20க்குள் தொடங்கும், பூச்சு காய்வதற்காக இரண்டு நாள் மொட்டைமாடியைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டியிருக்கும், உள் சுவரைப் பார்க்க ஏற்ற நாளைத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினோம். மன உளைச்சலுக்கு இழப்பீடாக ஆறு மாத வாடகை கேட்டிருந்தார்கள். மேற்கூறிய காரணங்களால் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதோடு முடித்தோம். பழுதுக்கான செலவை வாடகையில் கழித்துக்கொள்வோம் என்றதற்கு, பணியை உரிமையாளரே தம் செலவில் செய்வதால் அதற்குத் தேவை எழாது என்றோம். இப்படிக் கழிக்க உரிமை உண்டா என்பது அந்தந்த இடத்து வாடகைச் சட்டத்தையும் உங்கள் ஒப்பந்தத்தையும் பொறுத்தது என்பதால், அதைப் பற்றி வாதம் செய்வதை வேண்டுமென்றே தவிர்த்தோம்.

கசிந்த மாதங்களுக்குப் பாதி மாத வாடகையைக் குறைத்துக்கொள்ளவும் உரிமையாளர் மனத்தளவில் தயாராக இருந்தார். அதை இந்தப் பதிலில் எழுதவில்லை. இந்தப் பதிலை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். பணம் தர முன்வந்ததைத் தவறை ஒப்புக்கொண்டதாகக் காட்டவும் முயலலாம். சமரசத்துக்காக மட்டும், இரு தரப்பு உரிமைகளுக்கும் பாதகமில்லாமல் எழுதப்படுவது என்ற குறிப்போடு அதைத் தனிக் கடிதமாக வழக்கறிஞர் வழியே அனுப்பினோம். உண்மையான சமரசப் பேச்சுக்குப் பல நாடுகளின் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, ஆனால் வெளிப்படையான பதிலையும் சமரசத்தையும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். தாமத வாடகை, அனுமதியில்லாமல் அடித்த ஆணிகள் போன்ற உரிமையாளரின் சொந்தக் குறைகளுக்கு, "எங்கள் கட்சிக்காரர் தம் பிற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

எழுதி முடித்த பிறகு நான் எப்போதும் செய்யும் ஒரு சோதனை உண்டு. வரைவில் "அப்பட்டமான", "வேடிக்கையான", "வெட்கமில்லாமல்" போன்ற சொற்கள் இருக்கும் இடங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு மறுபடி படிக்கிறேன். வாக்கியத்தின் பொருள் குறையவில்லை என்றால் அந்தச் சொல் தேவையில்லை. அதை எடுத்தபின் வாக்கியத்தில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால், அங்கே ஆதாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுகிறேன்.

பதில் அவருடைய வழக்கறிஞரின் முகவரிக்குப் போக வேண்டும். அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் சான்று கிடைக்கும் முறையில் அனுப்பி, அந்தச் சான்றுகளை இணைப்புகளோடு கூடிய முழு நகலுடன் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பாக அனுப்புவது நகல்கள் மட்டுமே. மூல ரசீதுகளும் செய்திகள் உள்ள கைபேசியும் உங்களிடமே இருக்க வேண்டும். அந்தச் செய்திகளில் உங்களுக்குச் சாதகமில்லாதவை இருந்தாலும் எதையும் அழிக்காதீர்கள், அவை எதிர்த்தரப்பின் கைபேசியிலும் இருக்கின்றன. படிக்கட்டில் அவரைப் பார்த்தால் வழக்கம்போல் பேசுங்கள், நோட்டீஸைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

பதிலில் கொடுத்த தேதிகளை ஒரு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்தவருக்குச் செப்டம்பர் 18 முதல் மழை பிடித்துக்கொண்டதால் 20ஆம் தேதி வேலை தொடங்க முடியவில்லை. தேதி கடப்பதற்கு முன், 19ஆம் தேதியே, தளம் காய்ந்த பிறகுதான் விரிசலை அடைக்க முடியும் என்றும் மழை நின்ற நான்காம் நாள் வேலை தொடங்கும் என்றும் வழக்கறிஞர் வழியே இரண்டு வரி அனுப்பினோம். வேலை செப்டம்பர் 29 அன்று முடிந்தது. எதிர்த்தரப்பிலிருந்து இரண்டாவது நோட்டீஸ் வரவில்லை. அடுத்த மாத வாடகையிலிருந்து பாதி மாதத் தொகையைக் குறைத்துக்கொள்வதாக இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாளோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது.